பால் கொள்முதல் செயலி: 180 வரிப் பட்டியலை எபிக், ஃபீச்சர், வெளியீடு என்று எப்படி உடைப்பது?

மலர்விழி_பிஏ

எல்லோருக்கும் வணக்கம். தனியார் பால் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் செய்கிறோம். அவர்களுக்குக் கிராமங்களில் 40 கொள்முதல் மையங்கள் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் விவசாயிகள் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அளந்து, கொழுப்பும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு நீங்கலான திடப்பொருளும் எவ்வளவு என்று பார்த்து, விலை போட்டு, துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. இப்போது எல்லாமே நோட்டில்தான் நடக்கிறது.

வாடிக்கையாளர் கொடுத்த தேவைப் பட்டியலில் 180 வரிகள். எங்கள் மேனேஜர் இதை எபிக்குகளாகப் பிரித்து ஜிராவில் ஏற்றச் சொன்னார். நான் ஆறாகப் பிரித்திருக்கிறேன்: விவசாயி நிர்வாகம், விலை அட்டவணை, கொள்முதல், பட்டுவாடா, ரிப்போர்ட், அட்மின். முதல் வெளியீட்டில் விவசாயி நிர்வாகமும் விலை அட்டவணையும் முழுசாக, இரண்டாவதில் கொள்முதல், மூன்றாவதில் பட்டுவாடா, மீதி கடைசியில் என்று திட்டம்.

இதைப் பார்த்துவிட்டு அவர்களின் எம்.டி. ஒரே கேள்விதான் கேட்டார்: "முதல் வெளியீடு வந்த மறுநாள் காலையில என் மையத்துல என்ன மாறியிருக்கும்?" அதற்கு இந்தத் திட்டத்தில் பதில் இல்லை. பயனர் செய்யும் வேலைகளை வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பார்க்கும் ஸ்டோரி மேப்பிங் செய்தால் தெளியும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இந்த ஆறையும் மேலே வரிசையாக ஒட்டிவிட்டு, கீழே 180 வரிகளையும் பிரித்துப் போட்டால் மேப் ஆகிவிடுமா? வெளியீட்டுக் கோட்டை எங்கே போடுவது?

சுதாகர்_டெஸ்டர்

கரெக்டா இருக்கே. ஆறு எபிக்கையும் மேலே ஒட்டுங்க, கீழே ஸ்டோரிகளை ஒட்டுங்க. ஸ்லைஸ் போடும்போது செங்குத்தா வெட்டணும், அதுதான் விதி. ஸ்கிரீன்ல ஆரம்பிச்சு டேட்டாபேஸ் வரைக்கும் முழுசா வேலை செய்யணும். அதனால "விவசாயி நிர்வாகம்" முழு காலமா, அதாவது மேலிருந்து கீழ வர்ற நெடுவரிசையா, முதல் ரிலீஸ்ல எடுத்தது தப்பே இல்ல. ஒரு காலத்தை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா டெஸ்ட் பண்றதும் எங்களுக்கு சுலபம்.

கதிரவன்

சுதாகர், ஒவ்வொரு ஸ்டோரியும் திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை முழுசாக வேலை செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது ஒரு அட்டைக்குள் இருக்க வேண்டிய குணம். மேப்பில் வெளியீட்டுக் கோடு இடமிருந்து வலமாக, எல்லாக் காலங்களையும் கடந்து போக வேண்டும். ஒரு காலத்தை மட்டும் முழுசாக எடுத்தால் எம்.டி. கேட்ட கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. விவசாயிகளின் பெயர்கள் அழகாகக் கணினியில் இருக்கும், பால் இன்னும் நோட்டில்தான் ஏறும்.

மலர்விழி, உங்கள் ஆறும் மென்பொருளின் மெனு. அதை மேலே ஒட்டினால் மெனுதான் கிடைக்கும், மேப் கிடைக்காது. முதலில் அந்த 180 வரிகளை மூடி வையுங்கள். ஒரு மையத்தில் ஒரு காலை எப்படிப் போகிறது, பிறகு பத்து நாள் எப்படி முடிகிறது என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு வினையையும் ஒரு அட்டையில் எழுதி, அவர் சொன்ன வரிசையிலேயே ஒட்டுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் மேல் வரிசை இப்படி வரும்:

மையத்தைத் திறப்பது → பால் வாங்குவது → பாலை அனுப்புவது → பத்து நாள் கணக்குக் கட்டுவது → பணம் போடுவது → கேள்வி கேட்டு வருபவருக்குப் பதில் சொல்வது

இதுதான் முதுகெலும்பு. இதில் விவசாயி நிர்வாகமும் விலை அட்டவணையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் காலையில் எழுந்து விவசாயியை நிர்வாகம் செய்வதில்லை.

அடுத்த வரிசையில் ஒவ்வொன்றையும் படிகளாகப் பிரிப்போம். "பால் வாங்குவது" என்பதன் கீழே ஆளை அடையாளம் காண்பது, அளப்பது, மாதிரி எடுப்பது, தரம் பார்ப்பது, விலை போடுவது, சீட்டுக் கொடுப்பது. இந்தப் படிகள்தான் உங்கள் ஃபீச்சர்கள். ஒவ்வொரு படியின் கீழும் அதைச் செய்யக்கூடிய வழிகள் அடுக்காக வரும். தரம் பார்ப்பதை எடுத்தால், கருவி காட்டும் எண்ணைக் கையால் தட்டுவது ஒரு வழி. கருவியையே கணினியோடு இணைத்துத் தானாக வாங்குவது இன்னொன்று. சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை பார்த்து, இரண்டு அளவையும் பதிவு செய்வது மூன்றாவது. இவைதான் ஸ்டோரிகள். எளிமையானதும், அது இல்லாமல் முடியாததும் மேலே இருக்கும். வசதியானது கீழே இறங்கும்.

இந்த அடுக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தட்டையான பட்டியலில் "கருவி இணைப்பு" என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். அதற்குப் பதிலாகக் கையால் தட்டலாம் என்ற சின்ன வழி அங்கே இருக்கவே இருக்காது, ஏனென்றால் வாடிக்கையாளர் யாரும் அப்படிக் கேட்டு எழுத மாட்டார். மேப்பில் ஒரு படிக்குக் கீழே காலி இடத்தைப் பார்க்கும்போதுதான் அது தோன்றும்.

முத்துச்சாமி

அம்மணி மலர்விழிக்கு, நானு பால் சங்கத்துல பரிசோதகரா இருந்து ரிட்டயர்டு ஆனவனுங்க. நீங்க கேட்டது கம்ப்யூட்டர்ல கொழுப்பு எப்படிப் பார்க்கறதுன்னு நினைக்கறேன். அதுக்கு மெஷின் தனியா இருக்குதுங்க. பால் அனலைசர்ல ஊத்துனா கொழுப்பு, எஸ்.என்.எஃப். ரெண்டும் ஒரு நிமிசத்துக்குள்ள காட்டிரும். முன்னெல்லாம் கொழுப்புக்குக் கெர்பர் டெஸ்ட்டும், எஸ்.என்.எஃப்-க்கு லேக்டோமீட்டரும் வெச்சுத்தானுங்க பார்த்தோம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். தம்பி கதிரவன் எழுதுன வரிசைல கொஞ்சம் இடிக்குதுங்க. கூட்டம் நிக்கறப்ப ஆளுக்கு ஆளு அளந்து, மாதிரி எடுத்து, மெஷின்ல பார்த்து, சீட்டுக் கொடுத்து அனுப்பிட்டு அடுத்தவரைக் கூப்பிட முடியாதுங்க. ஒருத்தர் அளந்துட்டே போவாரு, மாதிரிப் புட்டில நம்பர் போட்டு இன்னொருத்தர்கிட்ட நகர்த்துவாரு. மெஷின்ல பார்க்கறவரு நாலஞ்சு புட்டி பின்னாலதான் வருவாரு. ஒரு புட்டி மாறிப் போச்சுன்னா அதுக்கப்புறம் எல்லார் கொழுப்பும் அடுத்தவன் பேர்ல ஏறிரும். சண்டையே அங்கதானுங்க வரும்.

அப்பறம் லிட்டரா கிலோவான்னு முதல்லயே கேட்டுக்கங்க. மையத்துல லிட்டர்ல அளப்பாங்க, குளிரூட்டும் நிலையத்துல எடை போட்டு கிலோல வாங்குவாங்க. ஒரு லிட்டர் பால் ஏறக்கொறைய 1.03 கிலோ. 400 லிட்டர் அனுப்புனா அங்க 412 கிலோ வரணும். இது தெரியாம ரெண்டையும் ஒரே கணக்கா எழுதுனா, தினமும் 12 லிட்டர் கூட வந்த மாதிரி இருக்கும். நிசமாவே பால் கொறைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது.

கதிரவன்

ஐயா, நீங்கள் சொன்னது கேள்விக்கு வெளியே போனதாக நினைக்க வேண்டாம். இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் மிக உபயோகமான பதிவு.

மலர்விழி, ஐயா சொன்ன புட்டி விஷயத்தால் மேப் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நான் ஒரே ஆள் எல்லாப் படிகளையும் வரிசையாகச் செய்வதாக எழுதினேன். உண்மையில் இரண்டு பேர், நடுவில் ஒரு மாதிரி எண். ஆகவே "மாதிரி எடுப்பது" என்ற படியின் கீழே "மாதிரி எண்ணை விவசாயி எண்ணோடு கட்டுவது" என்ற அட்டை முதல் வெளியீட்டிலேயே வர வேண்டும். "சீட்டுக் கொடுப்பது" அளந்த உடனே நடக்காது, தரம் வந்த பிறகுதான். திரையையும் ஒரு பக்கமாக வடிவமைக்க முடியாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். உங்கள் 180 வரிகளில் மாதிரி எண் என்ற சொல்லே இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

மேப் போடும் அறைக்குள் இப்படி ஒருவர் இல்லாமல் டெவலப்பர்களும் மேனேஜரும் மட்டும் உட்கார்ந்தால், வரும் மேப் தெளிவாக இருக்கும், தவறாகவும் இருக்கும்.

மலர்விழி_பிஏ

நன்றி ஐயா, நன்றி கதிரவன் சார். பட்டியலைத் தேடிப் பார்த்தேன், மாதிரி எண் இல்லைதான். வாடிக்கையாளரின் மையங்களில் பரிசோதகராக இருக்கும் ஒருவரை வரவழைக்கப் பேசியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். ரிப்போர்ட் மட்டும் 34 வரிகள். அவற்றை எந்தக் காலத்தில் ஒட்டுவது? இன்னொன்று, முதல் கோட்டை எங்கே போடுவது? எல்லாமே அவசியம் என்றுதான் வாடிக்கையாளர் சொல்கிறார்.

கதிரவன்

ரிப்போர்ட் என்று ஒரு காலமே வேண்டாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, இதை யார், எப்போது, என்ன முடிவெடுக்கப் பார்க்கிறார் என்று கேளுங்கள். வேளை வாரியான கொள்முதல் மொத்தத்தைப் பார்த்துத்தான் வண்டியில் எத்தனை கேன் ஏற்றுவது என்று முடிவு செய்கிறார்கள் என்றால், அது "பாலை அனுப்புவது" என்பதன் கீழ் போகும். ஒருவரின் பத்து நாள் பால் விவரம் "கேள்விக்குப் பதில்" என்பதன் கீழ். யாரும் பதில் சொல்லாத ரிப்போர்ட்டுகளை ஓரமாகத் தனியாக ஒட்டி வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், வாதம் செய்யவும் வேண்டாம். அவை தானாக அங்கேயே தங்கிவிடும்.

அட்மின் அட்டைகளையும் இதே மாதிரி. விலை அட்டவணையைத் திருத்தும் திரை "விலை போடுவது" என்ற படியின் கீழே, அடுக்கில் தாழ்வாக இருக்கும். முதல் வெளியீட்டில் அட்டவணையை டெவலப்பரே ஒரு கோப்பாக ஏற்றிவிடலாம். விவசாயிப் பதிவும் அப்படியே: ஒரு மையத்தின் 60 பேரை எக்செல் கோப்பிலிருந்து ஒரே தடவையில் ஏற்றினால் போதும். நீங்கள் முதல் வெளியீடு முழுவதையும் கொடுத்திருந்த இரண்டு எபிக்கும் இங்கே இரண்டு கோப்புகளாகச் சுருங்கிவிட்டன. படி இருக்கிறது, திரைதான் இல்லை.

இனி கோடு. அட்டைகளை நகர்த்தத் தொடங்கும் முன்பே, இந்த வெளியீட்டில் நமக்கு என்ன தெரிய வேண்டும் அல்லது யாருக்கு என்ன மாற வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதிக் கோட்டின் இடப்பக்கம் ஒட்டுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்: "ஒரு மையத்தில் பத்து நாள் பசும்பால் கணக்கு, நோட்டுக் கணக்கோடு ரூபாய் பைசாவரை ஒத்துப்போக வேண்டும், வரிசை மெதுவாகக் கூடாது."

பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் அந்த வாக்கியம் பொய்யாகுமா? "அவசியமா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டால் எருமைப்பால் தானாகக் கீழே போகும். கருவி இணைப்பு போகும். குறுஞ்செய்தி போகும். தீவனக் கடன் பிடித்தம்கூடப் போகும், ஏனென்றால் இந்தத் தடவை பட்டுவாடா பழைய முறையிலேயே நடக்கும், நாம் பால் கணக்கை மட்டும்தான் ஒப்பிடுகிறோம்.

கோடு போட்ட பிறகு அதற்கு மேலே இருப்பதை மட்டும் சத்தமாகக் கதையாகச் சொல்லிப் பாருங்கள்:

"காலையில் மையம் திறக்கிறார்கள், தராசைச் சுழியத்தில் வைத்துப் பார்த்ததைத் தாளில் எழுதுகிறார்கள். 27-ஆம் எண்காரர் வருகிறார், 6.5 லிட்டர், மாதிரி எண் 14. சிறிது நேரத்தில் கருவி கொழுப்பு 4.2, எஸ்.என்.எஃப். 8.3 என்று காட்டுகிறது, பரிசோதகர் 14-ஐத் தேர்ந்தெடுத்துத் தட்டுகிறார். லிட்டர் விலை 36.40, தொகை 236.60 என்று சீட்டு வருகிறது. பால் வண்டி வருகிறது, மொத்தம் திரையில் இருக்கிறது, அனுப்பும் சீட்டைக் கையால் எழுதுகிறார்கள். பத்தாம் நாள் கணக்குப்பிள்ளைக்கு எக்செல் போகிறது. அவர் நோட்டோடு ஒப்பிட்டு, வழக்கம்போல் பணம் போடுகிறார்."

கதை எங்கேயும் நிற்கவில்லை. கையால் செய்யும் இடங்களை வேறு நிற அட்டையில் எழுதி அதே கோட்டுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். எந்த இடத்திலாவது "அப்புறம் என்ன செய்வார்?" என்று கேட்டதும் எல்லோரும் மௌனமானால், கையாலும் செய்ய வழி இல்லை என்றால், அந்தக் கோடு வெளியீடு ஆகாது. நான் பார்த்தவரை இந்த வாசிப்பைத் தவிர்த்த அணிகளில்தான் வெளியீட்டுக்கு முந்தின வாரம் புது அட்டைகள் முளைக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பைசா ஒத்துப்போகாது. கருவி 4.17 என்று காட்டும், அட்டவணையோ 0.1 இடைவெளியில் இருக்கும். 4.1-க்கு இறக்குவதா, 4.2-க்கு ஏற்றுவதா? இதை இப்போது நோட்டில் எழுதுபவர் எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். மையத்துக்கு மையம் வேறாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே மையத்தில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

முத்துச்சாமி

ஏத்தறதா எறக்கறதாங்கறது எங்க சங்கத்துல பெரிய வம்பா இருந்துச்சுங்க. எதா இருந்தாலும் மையத்துல போர்டு எழுதி மாட்டிருங்க. ஊத்தறவங்களுக்கும் முதல்லயே தெரியணும்.

கரண்டு போனா என்ன பண்ணுவீங்கன்னு யாரும் சொல்லலையே. காலைல ஆறு மணிக்குப் போச்சுன்னா பால் காத்துட்டிருக்காதுங்க.

நந்தினி_டெவ்

நான் கேட்க நினைத்ததை ஐயா கேட்டுவிட்டார். கரண்டும் நெட்டும். கதிரவன் சார் மேப்பில் ஆஃப்லைன் என்ற அட்டையே இல்லை. இது ஒரு காலத்தில் அடங்காது, ஒவ்வொரு படியிலும் இருக்கும். கீழ் அடுக்கில் தள்ளிவிட்டால் பிற்பாடு முழு நிரலையும் பிரித்துக் கட்ட வேண்டிவரும். மேப்பிங் செய்யும் எல்லோரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. பயனர் செய்யும் வினைகள் மட்டும்தான் அட்டையாகின்றன, அமைப்பு எப்படி நிற்க வேண்டும் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

கதிரவன்

நந்தினி, மனக்குறை நியாயமானது. இந்த வகை விஷயங்களை நான் மேப்பின் மேலே, முதுகெலும்புக்கும் மேல் ஒரு நீளமான தாளில் எழுதுவேன்: "நெட் இல்லாமல் ஒரு வேளை முழுக்க ஓட வேண்டும்." பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தத் தாள் எந்த அளவில் பொருந்தும் என்று கேட்பேன்.

முதல் கோட்டில் சர்வரே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மையம், ஒரு மடிக்கணினி, தரவு அதிலேயே இருக்கட்டும், வேளை முடிந்ததும் பென் டிரைவில் ஒரு நகல். நெட் போனாலும் அங்கே எதுவும் நிற்காது, ஏனென்றால் நெட்டை நம்பி எதுவும் இல்லை. மடிக்கணினி பேட்டரியில் ஓடும். அனலைசருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் பேட்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேளைக்கு நோட்டு, பிறகு பதிவு. அந்த அட்டையும் கோட்டுக்கு மேலே வரும்.

நந்தினி_டெவ்

ஐந்து மையம் ஆனதும் இந்தத் தரவை எல்லாம் ஒன்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மடிக்கணினியிலும் 1, 2, 3 என்று பதிவு எண் ஓடியிருந்தால் சேர்க்கும்போது மோதும். "சர்வர் வேண்டாம்" என்று சொல்வது சுலபம், அதன் விலை மூன்றாவது வெளியீட்டில் எங்கள் தலையில் விழும்.

முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பதிவுக்கும் மையத்திலேயே உருவாகும் தனித்த அடையாளம் (யூ.யூ.ஐ.டி.) இருக்க வேண்டும், திருத்தினால் பழைய பதிவை அழிக்காமல் புதுப் பதிவாகச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் முதல் கோட்டுக்கு மேலே வைத்தால் நான் ஒப்புக்கொள்வேன். இதற்கு அதிக வேலை இல்லை, பின்னால் சேர்ப்பதுதான் பெரிய வேலை.

கதிரவன்

ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டும் இல்லாவிட்டால் முதல் வாக்கியம் பொய்யாகாது, ஆகவே என் கேள்வியின்படி அவை கீழே போயிருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்: பின்னால் மாற்றவே முடியாத அல்லது மாற்றச் செலவு மிகுந்த முடிவுகளை அது பிடிக்காது. அதற்கு டெவலப்பர் ஒருவர் மேப் முன்னால் நின்றே ஆக வேண்டும்.

ரவிச்சந்திரன்_டெலிவரி

நல்ல உரையாடல். ஆனால் மலர்விழியின் மேனேஜர் கேட்டது ஜிராவில் எபிக். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் நிறுவனத்தில் முதுகெலும்பில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு எபிக். "பால் வாங்குவது" ஒரு எபிக், "பணம் போடுவது" ஒரு எபிக். கீழே உள்ள அட்டைகள் ஸ்டோரி. எந்த வெளியீடு என்பதை `fixVersion` சொல்லிவிடும். ஜிராவில் எபிக்குக்கும் ஸ்டோரிக்கும் நடுவே இன்னொரு படியைச் சேர்க்க முடியாது, எனவே ஃபீச்சர் வரிசையை லேபிளாக வைக்கிறோம். அஸூர் டெவ்ஆப்ஸ் என்றால் எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி என்று மூன்று நிலையும் இருக்கிறது, மேப் அப்படியே உட்காரும்.

கதிரவன்

ரவி சார், இதில் நான் மாறுபடுகிறேன். "பால் வாங்குவது" என்ற எபிக் எப்போது முடியும்? நிறுவனம் பால் வாங்கும்வரை அதில் ஏதாவது ஒரு அட்டை இருந்துகொண்டே இருக்கும். எப்போதும் பாதி முடிந்ததாகவே காட்டும் எபிக்கை மேலிடத்தில் காட்டினால், வேலை நகரவில்லை என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

நான் காலமும் கோடும் சந்திக்கும் கட்டத்தை எபிக் ஆக்குவேன். "பால் வாங்குவது: ஒரு மையம், பசும்பால், கைப்பதிவு" என்று பெயர். அந்த வெளியீட்டோடு அது மூடப்படும். அடுத்ததில் "பால் வாங்குவது: கருவி இணைப்பு, எருமைப்பால்". முதுகெலும்பை `component` ஆக வைத்தால், ஒரு காலத்தின் முழு வரலாறும் வேண்டும்போது கிடைக்கும்:

```
project = PAAL AND component = "Kolmudhal" ORDER BY fixVersion, Rank
```

ஒரு வெளியீட்டை மட்டும் பார்க்க:

```
project = PAAL AND fixVersion = "R1-oru-maiyam" ORDER BY Rank
```

ரவிச்சந்திரன்_டெலிவரி

ஆறு காலம், நான்கு வெளியீடு என்றால் 24 எபிக். இரண்டு வருடத்தில் யாருக்கும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் மேலிடம் ஆறு வரிகள்தான் பார்க்க விரும்புகிறது, அந்த ஆறும் வருடக் கணக்கில் மாறாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. எபிக் மூடப்படவில்லையே என்ற கவலையை வெளியீட்டுப் பக்கத்தைக் காட்டித் தீர்க்கிறோம். உங்கள் முறை சிறிய அணிக்குப் பொருந்தலாம், 60 பேர் வேலை செய்யும் இடத்தில் நான் அதை ஏற்க மாட்டேன்.

கதிரவன்

24 கட்டங்களும் நிரம்பாது, பல கட்டங்கள் காலியாகவே இருக்கும். ஆனாலும் உங்கள் அளவில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன். மலர்விழியின் அணிக்கு என் முறையைத்தான் சொல்வேன். இரண்டில் எதை எடுத்தாலும் மேப்பைச் சுவரிலிருந்து கிழித்துவிட வேண்டாம். ஜிராவில் ஏற்றியதும் இடமிருந்து வலம் என்ற வரிசை மறைந்து, மறுபடியும் தட்டையான பட்டியலாகிவிடும்.

ராஜேந்திரன்_கோவை

எங்கள் நிலைமை வேறு. விசைத்தறிக் கூடங்களுக்கு ஈ.ஆர்.பி. செய்கிறோம், ஒப்பந்தத்தில் எட்டு மாட்யூல்கள் பெயரோடு எழுதியிருக்கிறது. மாட்யூலுக்கு மாட்யூல் பணம். நூல் கொள்முதல் மாட்யூல் முழுசாக முடித்து ஒப்புதல் வாங்கினால்தான் முதல் தவணை வரும். நீங்கள் சொல்கிற மாதிரி குறுக்கே வெட்டினால் எட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் முடிந்திருக்கும், எதற்கும் பணம் வராது. மேப் போட்டு என்ன பயன்?

சுதாகர்_டெஸ்டர்

ராஜேந்திரன் சார் சொல்றதுதான் நடைமுறை. எங்க கம்பெனியிலயும் இதே கதைதான்.

கதிரவன் சார் எழுதுன கதையை டெஸ்ட் பண்ற கண்ணோட படிச்சேன். அதை அப்படியே ஒரு டெஸ்ட் கேஸா ஓட்டலாம், காலைல இருந்து பத்தாம் நாள் வரைக்கும். ஒவ்வொரு காலமா முடிச்சா கடைசிலதான் இப்படி ஒண்ணை ஓட்டிப் பார்க்க முடியும். அது மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு.

நந்தினி_டெவ்

ராஜேந்திரன் சார், ஒப்பந்தத்தை மாற்ற முடியாவிட்டாலும் மாட்யூல்கள் வரும் வரிசையையாவது மேப்பில் பார்த்து முடிவு செய்யலாம். நூல் வந்து, தறியில் ஏறி, துணியாகி, பில் ஆகும் பாதையில் ஒரே ஒரு ரகத்தை மட்டும் உங்களுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள், வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டாம். மாட்யூல்களுக்கு நடுவே தரவு பொருந்தாத இடங்கள் முன்கூட்டியே தெரியும். அது வெளியீடு ஆகாது, பணமும் வராது. தவணைப் பிரச்சினைக்கு என்னிடம் பதில் இல்லை.

ராஜேந்திரன்_கோவை

அடுத்த ஒப்பந்தத்தில் தவணையை மாட்யூலுக்குப் பதில் தறிக்கூடங்களின் எண்ணிக்கையில் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். முதல் கூடம் முழுப் பாதையும் ஓடினால் இவ்வளவு, அடுத்த ஐந்து கூடங்களுக்கு இவ்வளவு என்று. வாடிக்கையாளரின் ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம்தான்.

மலர்விழி_பிஏ

வாடிக்கையாளரின் பரிசோதகர் அண்ணன் ஒருவரோடு உட்கார்ந்து மேப் போட்டோம். நான்கு கோடுகள் வந்திருக்கின்றன.

முதல் கோடு கதிரவன் சார் சொன்ன வாக்கியமேதான், நந்தினியின் இரண்டு அட்டைகளோடு. இரண்டாவது: "அதே மையத்தில் நோட்டை மூடுவது." இதில் எருமைப்பால், தீவனக் கடனும் முன்பணமும் பிடித்தம், வங்கிக்குக் கொடுக்கும் கோப்பு, அனுப்பும் சீட்டில் லிட்டரும் கிலோவும். எருமைப்பாலை மூன்றாவதில் வைத்திருந்தோம். அந்த மையத்தில் எருமைப்பால் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது இல்லாமல் நோட்டை எப்படி மூடுவீர்கள் என்று அண்ணன் கேட்டார், மேலே வந்துவிட்டது. மூன்றாவது: ஐந்து மையங்கள், கருவி இணைப்பு, தலைமை அலுவலகத்தில் தரவு சேர்வது. நான்காவது 40 மையங்களுக்கும் விரிவது, விலை அட்டவணைத் திரை அங்கேதான் வருகிறது. ரிப்போர்ட் 34-ல் 11 மட்டும் படிகளின் கீழ் இடம் பிடித்தன, மீதி ஓரத்தில் இருக்கின்றன.

எம்.டி-யிடம் கதையாக வாசித்துக் காட்டினேன். முதல் கோட்டை ஒப்புக்கொண்டார். விலை அட்டவணைத் திரை கடைசியில் வருவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை, விலை மாறும்போதெல்லாம் உங்களைக் கூப்பிட வேண்டுமா என்கிறார். மூன்றாவதுக்கு ஏற்றலாமா என்று யோசிக்கிறோம்.

இன்னொன்றும் முடிவாகவில்லை. எந்த மையத்தில் தொடங்குவது? அலுவலகத்துக்குப் பக்கத்து மையம் எங்களுக்கு வசதி. வெறும் 20 பேர்தான் ஊற்றுகிறார்கள், பிரச்சினை வந்தால் உடனே ஓடலாம்.

முத்துச்சாமி

20 பேர் மையத்துல ஒரே ஆளுதானுங்க அளக்கறதும் பார்க்கறதும் பண்ணுவாரு. புட்டி பின்னால தேங்கறதே இருக்காது. அங்க எல்லாம் சரியா வரும், பெரிய மையத்துக்குப் போனதும் மாட்டும். 60, 70 பேர் ஊத்தற எடமாப் பாருங்க. தரத்துல ரொம்பச் சண்டை போடற ஊரா இருந்தா இன்னும் நல்லது, தப்பு இருந்தா முதல் நாளே சொல்லிருவாங்க. ஆரம்பிக்கறப்ப சாயங்கால வேளைல ஆரம்பிங்க. காலையை விடப் பால் கொறைவா வரும், வண்டி அவசரமும் இருக்காதுங்க.